டிரம்முக்குள் குடித்தனம்: டெங்கு பற்றிய வீதி நாடகத்துக்குப் பிரதி எழுதுவது எப்படி?

வீதி நாடகம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நோயிலிருந்து தொடங்குகிறார்கள். டெங்கு என்றால் என்ன, எப்படிப் பரவுகிறது, அறிகுறிகள் எவை, தடுப்பது எப்படி என்று வரிசையாகப் போகிறது பிரதி. கடைசியில் கிடைப்பது வேஷம் கட்டிய துண்டறிக்கை. கூட்டம் ஐந்தாவது நிமிடத்தில் கலைந்துவிடும்.

பிரதியை முடிவிலிருந்து எழுத வேண்டும். நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுநாள் காலையில் தன் கையால் செய்யப்போகிற ஒரே ஒரு வேலை எது? முதலில் அதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். மற்ற எல்லாக் காட்சியும் அந்த வரிக்குப் போகிற வழிதான். இங்கே சேலம் அம்மாப்பேட்டை மாதிரியான ஒரு நெசவாளர் தெருவுக்கு டெங்கு நாடகம் எழுதுவதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதலில் தெரு, பிறகுதான் பேனா

எழுதத் தொடங்கும் முன் நாடகம் நடக்கப்போகும் தெருவுக்குப் போங்கள், அதுவும் தண்ணீர் வருகிற நாளில். சேலத்தில் பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை வரும்போது வீட்டிலிருக்கும் டிரம், அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்தாக வேண்டும். இந்த ஊரில் போய் "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்று ஒரு பாத்திரம் வசனம் பேசினால், முன்வரிசையில் நிற்கும் பெண்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பு நியாயமானது.

ஒரு இருபது வீட்டில் பேசினால் போதும். கேட்க வேண்டியவை நான்குதான். எதில் தண்ணீர் பிடிக்கிறீர்கள்? அதைக் கழுவுவது யார், எப்போது? கழுவும்போது அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை என்ன செய்வீர்கள்? காய்ச்சல் வந்தால் முதலில் எங்கே போவீர்கள்? பதிலோடு அவர்கள் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "டிரம்மக் கவுத்துட்டு ஒரு அலசு அலசுவோம்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் நாடகத்தின் மையமே அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. எப்படி என்று அடுத்துப் பார்ப்போம்.

ஒரே வேலையைத் தேர்ந்தெடுப்பது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீருக்குள் முட்டை இடுவதைவிட நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டி வைப்பதுதான் அதிகம். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அவற்றை நனைக்கும்போது பொரிக்கும். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கச் சுமார் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. டிரம்மைக் கவிழ்த்து அலசினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்தால் புழு கொசுவாகும் முன்பே சங்கிலி அறுந்துவிடும். ஆக நாடகத்தின் ஒற்றை வரி இது: "வாரம் ஒருக்கா டிரம்மு உள்சுவத்தத் தேயி, துணி கட்டி மூடு."

ஆனால் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால்? பாதி டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்க்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது. மிச்சத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்துக்கு மாற்றி, தேய்த்துக் கழுவி, கழுவிய தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டு, வடிகட்டியதைத் திரும்ப டிரம்மில் ஊற்றலாம். அதுவும் முடியாத வாரத்தில் துணிதான் காவல். வாய்க்கட்டு இறுக்கமாக இருந்தால் கொசு உள்ளே போகாது, உள்ளே பிறந்தது வெளியே வராது. பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் ஒரு ஓரத்தில் நெளிந்து இடைவெளி விட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். இந்த விவரம் எல்லாம் பிரதியில் செயலாக வர வேண்டும், உரையாக வரக் கூடாது.

எழுதும்போது டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும். சுகாதாரத் துறை நண்பர்களும் சேர்க்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். எட்டு இடத்தைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. மற்றவற்றை நாடகம் முடிந்து மக்கள் கேட்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்களும் பொருளும்

எட்டு நடிகர்கள், பறை அடிக்க ஒருவர். இதற்கு மேல் போனால் ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதே தனி வேலையாகிவிடும். பொருள்கள்: எட்டு முழ நீலத் துணி ஒன்று, சிறிய வெள்ளைத் துணி ஒன்று, தேய்க்கிற பிரஷ் ஒன்று, கயிறு ஒன்று. மேடை, மைக், விளக்கு எதையும் நம்பி எழுதக் கூடாது.

கட்டியங்காரன் அல்லது கோமாளி கட்டாயம் வேண்டும். சேலம் வட்டாரத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோமாளியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவன் பாத்திரத்தோடும் பேசுவான், கூட்டத்தோடும் பேசுவான், கேட்கக் கூடாததையும் கேட்பான். நாடகத்தில் டாக்டர் பேச வேண்டியதில் முக்கால்வாசியைக் கோமாளியின் கேள்வியாக மாற்றிவிடலாம். டாக்டர் பாத்திரம் வந்தால் கூட்டம் பள்ளிக்கூடமாகிவிடும்.

காட்சிகளின் அளவு

தெருவுக்கு இருபத்தைந்து நிமிடம் சரி. அதில் பாதிக்கு மேல் பறை, பாட்டு, அசைவு. மீதி நேரத்துக்குத்தான் வசனம், ஆகவே கையெழுத்தில் ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் போனால் எங்கோ பேச்சு மிகுந்துவிட்டது என்று பொருள்.

முதல் நான்கு நிமிடம் கூட்டம் சேர்க்கப் பறையும் பாட்டும். அடுத்து தண்ணீர் வருகிற நாள், நான்கு நிமிடம். பிறகு முட்டைக் காட்சி ஆறு நிமிடம், காய்ச்சல் காட்சி ஆறு நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் கூட்டத்தோடு சேர்ந்து. பத்தாவது நிமிடத்தில் வந்து நிற்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அதுவரை நடந்ததை இரண்டே வரிப் பாட்டில் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் நாள் காட்சி சுலபம். "தண்ணி வந்துருச்சு!" என்று ஒரு குரல் வந்தாலே தெரு உங்கள் கைக்கு வந்துவிடும். குடம், சண்டை, முறை, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் தானாக வரும். எழுதுவதைவிட வெட்டுவதுதான் இங்கே வேலை.

முட்டைக் காட்சி: கண்ணுக்குத் தெரியாததை உடம்பால் காட்டுவது

நாடகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதைச் சொன்னால் மறந்துபோகும், பார்த்தால் மறக்காது.

மூன்று பேர் இடைவெளி விட்டுக் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். அதுதான் டிரம். நடுவில் நீலத் துணி இடுப்பளவுக்குப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அது தண்ணீர். முட்டையாக நடிக்கும் இருவர் டிரம்மாக நிற்பவர்களின் இடுப்பைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். டிரம்மாக நிற்பவர்கள் மெல்லச் சுழன்றால் நான்கு பக்கமும் தெரியும்.

பிரதி இப்படிப் போகலாம்:

கொசு: தண்ணி பாதிதான் இருக்குது. சுவரு ஈரமா, சில்லுனு இருக்குது. இதாண்டா என் பிரசவ வார்டு!

கோமாளி: ஏனுங்க கொசுவக்கா, முட்டையத் தண்ணியிலதானுங்க வெப்பாங்க?

கொசு: தண்ணிய நீ மோந்துருவ. சுவத்த யாரு தொடுறா?

(அந்த வீட்டுக்காரி செல்வி வருகிறாள். டிரம்மைச் சாய்க்கிறாள். நீலத் துணி முழுக்க வெளியே போகிறது. முட்டைகள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிக்கின்றன.)

செல்வி: கவுத்தாச்சு, அலசியாச்சு. ஒரு சொட்டு இல்ல!

(பறை. "தண்ணி வந்துருச்சு!" நீலத் துணி திரும்ப வருகிறது. துணி பட்டதும் முட்டைகள் அசைகின்றன, தலைகீழாக நெளிகின்றன, எழுகின்றன, பறக்கின்றன.)

செல்வி: நாலு நாள் முன்னாடிதான கவுத்தேன்! இந்தப் புழு எங்கிருந்து வந்துச்சு?

கோமாளி (கூட்டத்திடம்): எங்கிருந்துங்க வந்துச்சு?

இந்தக் கேள்விக்குப் பிறகு பிரதியில் "மௌனம்" என்று எழுதுங்கள். நடிகர்கள் பதற்றத்தில் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். அதைத் தடுக்க, கோமாளி மனதுக்குள் பத்து எண்ண வேண்டும் என்றே குறிப்பு எழுதி வையுங்கள். கூட்டத்திலிருந்து வரும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுவிதம்தான். "குழாய்த் தண்ணியிலயே வருது" என்பார்கள். "மேலருந்து வந்து விழுது" என்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை "சுவத்துல இருந்துச்சு" என்று கத்தும். மூன்றுக்கும் கோமாளிக்குப் பதில் எழுதி வைக்க வேண்டும். குழாயைக் குறை சொல்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "இருக்கட்டுங்க, இதே தண்ணிய மூடி போட்ட சொம்புல புடிச்சு வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டால் போதும். குழந்தையின் பதில் வந்தால் அந்தக் குழந்தையையே வட்டத்துக்குள் அழைத்து முட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எதுவும் வராவிட்டால் காட்சியை இன்னொரு முறை, பேச்சே இல்லாமல், வேகமாக ஓட்டுங்கள்.

அதன் பிறகுதான் பிரஷ் வருகிறது. செல்வி தேய்க்கத் தேய்க்க முட்டைகள் ஒவ்வொரு விரலாகப் பிடி விடுகின்றன. இந்த இடத்துக்குக் கும்மி மெட்டில் நான்கு வரி:

கொட்டிக் கவுத்தாலும் போகாது – அது
ஒட்டிக் கிடக்குது ஓரத்துல
கட்டிப் புடிச்சதத் தேச்செடுடி – வாரம்
தட்டாமத் தேச்செடு டிரம்முக்குள்ள

எதுகை அமைந்த பாட்டு என்றால் குழந்தைகள் மறுநாளும் பாடுவார்கள். மெட்டு மக்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும், சினிமாப் பாட்டு மெட்டு வேண்டாம். அதைக் கேட்டதும் மனது அசல் வரிக்கு ஓடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. செல்வியை முட்டாளாகவோ சோம்பேறியாகவோ எழுதாதீர்கள். அவள் சுத்தமாகத்தான் இருக்கிறாள், தகவல்தான் இல்லை. தேய்க்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டாமல், கடைசிக் காட்சியில் பிரஷ்ஷைக் கணவன் கையில் கொடுங்கள். சிரிப்பும் வரும், வேலையும் பங்காகும்.

வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் "கூடாது"

தெருவில் வசனம் எழுதுகிறவர்கள் தமிழின் ஒரு இயல்பை மறந்துவிடுகிறார்கள். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அதோடு ஒட்டிக் கடைசியில்தான் வருகிறது. "காய்ச்சலுக்குக் கடையில வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது" என்று நடிகர் சொல்லி முடிக்கும் நேரத்தில் ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடித்தால், கேட்டவருக்குப் போய்ச் சேர்வது "கடையில வலி மாத்திரை வாங்கிப் போடு" என்கிற மாதிரி ஒன்று. விசைத்தறி ஓடும் தெருவில் இந்த விபத்து ஒவ்வொரு நிமிடமும் நடக்கும்.

அதனால் உயிர் போகிற விஷயங்களில் மறுப்பு வாக்கியமே வேண்டாம். செய்ய வேண்டியதைச் செயலாகச் சொல்லுங்கள்: "அந்த மாத்திரையத் தூக்கிப் போடு! நேரா ஜி.எச்.சுக்கு வண்டியக் கட்டு!" கூடவே நடிகர் மாத்திரையை வீசியெறிய வேண்டும். ஒரு வசனத்தில் எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். முக்கியமான வரியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பி அதையே திருப்பிச் சொல்லட்டும். வட்டமாக நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் எப்போதும் நடிகரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ச்சல் காட்சி: திருப்பம் நோயிலேயே இருக்கிறது

டெங்குவில் நாடகக்காரர் கற்பனை செய்யத் தேவையில்லாத ஒரு திருப்பம் உண்டு. காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும் நாட்களைவிட, அது இறங்குகிற நேரம்தான் ஆபத்து. பொதுவாக மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் தணியும்போது, சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். வீட்டிலோ "காச்சல் விட்டுருச்சு" என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

இதை அப்படியே காட்சியாக்குங்கள். செல்வியின் மகனுக்கு மூன்று நாள் காய்ச்சல். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பறை அடி. நான்காம் நாள் உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கிறது. குடும்பமே ஆடுகிறது, பறை வேகமெடுக்கிறது, கூட்டமும் கைதட்டும். அந்த உச்சத்தில் பறை சட்டென நிற்க வேண்டும். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கிறக்கம் ஆகிய நான்கையும் பையனும் பாட்டியும் ஒவ்வொன்றாகக் காட்டட்டும். நான்கையும் கோமாளி விரல் மடக்கி எண்ணினால், கூட்டத்திலும் விரல்கள் மடங்கும். "ஒண்ணு வந்தாலும் ஜி.எச்., வண்டி இல்லைன்னா 108" என்பது இந்தக் காட்சியின் முடிவு வரி.

வலி மாத்திரை ஏன் ஆபத்து என்பதற்கு விளக்கம் நீள வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். மருந்துப் பெயர்கள் தெருவில் நிற்காது, ஆகவே "டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை" என்று ஒரே பெயரில் அழையுங்கள்.

நிலவேம்புக் கஷாயத்தைக் கேலி செய்து வசனம் எழுத வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலேயே கொடுத்திருக்கிறார்கள், மக்களும் நம்புகிறார்கள். கேலி செய்தால் நாடகம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும். பாட்டி கஷாயம் கொடுக்கட்டும். "கஷாயம் குடுத்தாச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று அவள் கேட்கும்போது கோமாளி விரலை மடக்கி எண்ணிக் காட்டட்டும். அது போதும். அதேபோல் ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் ஆடுவதாக இருந்தால், அம்மன் வந்து நோயைத் தீர்ப்பதாகவோ கொடுப்பதாகவோ காட்சி வேண்டாம். அம்மை வேறு, டெங்கு வேறு. குழப்பத்தை நாமே விதைக்கக் கூடாது.

கடைசிக் காட்சி தெருவின் டிரம்மில்

முடிவை நடிகர்களிடம் வைக்காதீர்கள். நாடகத்துக்கு முன்பே ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் டிரம்மை வட்டத்துக்குள் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். கோமாளி மிச்சத் தண்ணீரை வடிகட்டுகிறான், கூட்டத்திலிருந்து ஒருவர் தேய்க்கிறார், இன்னொருவர் துணி கட்டுகிறார். துணி தொய்ந்தால் அதிலேயே தண்ணீர் தேங்கும், ஆகவே முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும் என்பதைப் பறைக்காரர் தட்டிக் காட்டலாம். அந்த வீட்டு டிரம்மில் புழு இருந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். அதனால் டிரம்மை முன்கூட்டியே தனியாகப் பார்த்துவிடுங்கள்.

ஆடும் முன்

பிரதி முடிந்ததும் வட்டார சுகாதார ஆய்வாளரிடமோ அரசு மருத்துவரிடமோ படித்துக் காட்டுங்கள். திருத்தம் உண்மைத் தகவலில் மட்டும் ஏற்கலாம். வசனத்தை அவர்கள் நீட்டினால் பணிவாக மறுத்துவிடலாம். காவல் நிலையத்துக்கும், ஊருக்கேற்ப வார்டு உறுப்பினருக்கோ ஊராட்சித் தலைவருக்கோ முன்னதாகத் தகவல் கொடுங்கள். தெருவில் ஆட மாலை ஆறுக்கு மேல் நல்லது, விசைத்தறி ஓடும் தெருவில் தறி நிற்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேருந்து நிலையம் மாதிரி இடத்தில் இருபத்தைந்து நிமிடம் யாரும் நிற்கமாட்டார்கள். முட்டைக் காட்சியும் காய்ச்சல் காட்சியும் மட்டும் கொண்ட பன்னிரண்டு நிமிடப் பிரதியை முதலிலேயே பிரித்து எழுதி வையுங்கள். ஏற்காடு மலைக் கிராமங்களுக்குப் போனால் டிரம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்டேட் ஓரக் குடியிருப்புகளில் தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர், கொட்டாங்குச்சி எல்லாம் முன்னுக்கு வரலாம். அப்போது டிரம்மாக நிற்பவர்கள் டயராகவோ தார்ப்பாயாகவோ மாறுகிறார்கள், ஒற்றை வரியும் மாறுகிறது. காட்சியின் எலும்பு மாறாது.

ஆடி முடித்த பிறகு, அடுத்த தண்ணீர் நாளன்று அதே இருபது வீட்டுக்குப் போய் டிரம்மைப் பாருங்கள். துணி கட்டியிருக்கிறது, உள்சுவரில் பாசி அப்படியே இருக்கிறது என்றால் முட்டைக் காட்சி போய்ச் சேரவில்லை. அந்த மௌனத்தை நடிகர்கள் விட்டார்களா, முட்டைகள் எல்லாப் பக்கமும் தெரிந்தனவா என்று பார்த்துத் திருத்துங்கள். தேய்த்திருக்கிறார்கள், ஆனால் கழுவிய தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள் என்றால், கடைசிக் காட்சியில் கோமாளி மண்ணில் ஊற்றும் இடத்துக்கு ஒரு பறை அடியும் ஒரு வரியும் கூடுதலாகத் தேவை.